பார்த்துச் சொல்லுங்கள்: சித்திர வினாத்தாள், தரம் 10, 11

பிள்ளைகளே,

இந்த வினாத்தாளில் ஆண்டு கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆண்டு, ஊர், ஆளின் பெயர் எல்லாவற்றையும் நானே எழுதித் தந்துவிட்டேன். அவற்றைக் கொப்பியில் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டு வர வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். போன தவணை “குவர்னிக்கா எந்த ஆண்டு?” என்று கேட்டேன். அநேகமாக எல்லோரும் 1937 என்று சரியாக எழுதினீர்கள். மறுநாள் படத்தைச் சுவரில் ஒட்டி, இதில் குதிரை எங்கே என்று கேட்டபோது வகுப்பே அமைதியாக இருந்தது. பிழை உங்களுடையது அல்ல. பார்க்கச் சொல்லாத கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த முறை வினாத்தாளையே மாற்றினேன்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள். சுவரில் ஐந்து இடங்களில் படங்கள் இருக்கும். நடு மேசையில் ஒரு பொருள் இருக்கும். மூன்று பேர் ஒரு குழு. ஒவ்வோர் இடத்திலும் 15 நிமிடம், மொத்தம் 90 நிமிடம். ஒவ்வோர் இடத்திலும் முதல் ஐந்து நிமிடம் பேனையைத் தொடக்கூடாது. பாருங்கள், கிட்டப் போங்கள், பின்னால் வந்து பாருங்கள், மெதுவாகப் பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் எழுதலாம்.

ஒரே ஒரு விதி. எதை எழுதினாலும் அதைப் படத்தில் எங்கே கண்டீர்கள் என்று சொல்ல வேண்டும். “சோகமான படம்” என்று மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. “இடப்பக்க ஓரத்தில் இருக்கும் அம்மாவின் தலை முழுவதும் பின்னால் சாய்ந்திருக்கிறது, அதனால் கத்துகிறார் என்று நினைக்கிறோம்” என்றால் புள்ளி உண்டு. இடம், வலம் என்பது பார்த்துக்கொண்டு நிற்கும் உங்கள் இடம், வலம்.

மொத்தப் புள்ளிகள் 50.

1. இரண்டு சந்திரவட்டக்கல் (8 புள்ளி)

முதற்படம் அனுராதபுரத்துக் கல். இரண்டாவது, பிற்காலத்தில் பொலன்னறுவை வட்டதாகேயில் வைத்த கல்.

அ. முதற்கல்லில் வரிசையாக நடக்கும் விலங்குகள் எவை? நான்கு வகை இருக்கின்றன. (2)

ஆ. இரண்டாம் கல்லில் அவை எப்படி மாறியிருக்கின்றன? வந்திருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், வராமல் போனதையும் தேடுங்கள். (2)

இ. இந்தக் கல்லைக் கட்டடத்தில் எங்கே வைப்பார்கள்? அதன்மேல் என்ன நடக்கும்? இப்போது ஆ-வில் நீங்கள் கண்ட மாற்றத்துக்குக் காரணம் சொல்லுங்கள். இரண்டு கல்லுக்கும் இடையில் இந்த நாட்டில் சோழர் ஆட்சி இருந்தது என்பது நான் தரும் உதவி. (4)

2. பொலன்னறுவைக் கல்விகாரை (8 புள்ளி)

12ஆம் நூற்றாண்டு, முதலாம் பராக்கிரமபாகு காலம். ஒரே பாறையில் செதுக்கியவை. படுத்திருக்கும் உருவம் ஏறக்குறைய 14 மீற்றர் நீளம், பக்கத்தில் நிற்பது ஏறக்குறைய 7 மீற்றர் உயரம்.

அ. தலைக்குக் கீழே உள்ள தலையணையை உற்றுப் பாருங்கள். கல்லாலான தலையணை மெத்தென்று இருப்பதுபோல் தெரிய, சிற்பி என்ன செய்திருக்கிறார்? (2)

ஆ. இரண்டு பாதங்களையும் பாருங்கள். விரல்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? (1)

இ. நிற்பவர் ஆனந்தர், குருவின் மறைவுக்காகத் துக்கத்தோடு நிற்கிறார் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, அவரும் புத்தரே என்று சிலர் சொல்கிறார்கள். கைகள், முகம், காலடியில் உள்ள பீடம் ஆகிய மூன்றையும் பார்த்து, எது எந்தப் பக்கத்துக்குச் சாட்சி என்று பிரித்து எழுதுங்கள். (5)

3. மாமல்லபுரத்துப் பெரும்பாறை (12 புள்ளி)

7ஆம் நூற்றாண்டு, பல்லவர் காலம். ஏறக்குறைய 30 மீற்றர் நீளம், 15 மீற்றர் உயரம். இதற்குத்தான் அதிக நேரம் தேவைப்படும். படத்தை நான்கு துண்டாகப் பெருப்பித்து ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அ. பாறையின் நடுவில் ஒரு பிளவு இருக்கிறது. அதற்குள் இருப்பவர்கள் யார்? அவர்களின் இடுப்புக்குக் கீழே என்ன? (2)

ஆ. பிளவைச் சுற்றியிருப்பவர்களில் எத்தனை பேர் அதை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முழுவதும் எண்ண வேண்டாம், ஒரு துண்டுக்கு எண்ணினால் போதும். எண்ணியதிலிருந்து என்ன சொல்லலாம்? (2)

இ. பிளவுக்கு இடப்பக்கம் மேலே ஒருவர் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்கிறார். அதே நிலையில் நிற்கும் ஒரு மிருகம் வலப்பக்கம் யானையின் பக்கத்தில் இருக்கிறது. கண்டுபிடியுங்கள். அதைச் சுற்றி யார் நிற்கிறார்கள்? அவர்கள் அதை நம்பலாமா? (3)

ஈ. இந்தப் பாறைக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று அருச்சுனன் தபசு: சிவனிடம் ஆயுதம் கேட்டுத் தவம் செய்த கதை. மற்றது கங்கை இறங்கிய கதை: பகீரதன் தவம் செய்து ஆற்றைப் பூமிக்குக் கொண்டுவந்தான். நீங்கள் எந்தப் பெயரை வைப்பீர்கள்? உங்கள் பக்கத்துக்கு மூன்று சாட்சி, எதிர்ப்பக்கத்துக்கு ஒரு சாட்சி தாருங்கள். எதிர்ப்பக்கச் சாட்சி எழுதாவிட்டால் முழுப்புள்ளி கிடையாது. (5)

ஈ-க்கு ஒரு தகவல். பிளவுக்கு மேலே, பாறையின் உச்சியில், தண்ணீர் தேக்கி வைத்ததற்கான தடயம் இருக்கிறது. இரணைமடுவில் வான்கதவு திறந்த அன்று போய்ப் பார்த்தவர்கள், இந்தப் பிளவில் தண்ணீர் பாய்ந்தால் நாகங்கள் எப்படித் தெரியும் என்று கண்ணை மூடி ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

4. உருளைக்கிழங்கு உண்பவர்கள் (8 புள்ளி)

வின்சென்ட் வான்கோ, 1885, நெதர்லாந்து.

அ. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அது எதில் எல்லாம் விழுகிறது, எதைத் தொடவில்லை? (2)

ஆ. ஐந்து பேரில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் இல்லாவிட்டால் படம் எப்படி மாறும்? ஒரு தாளால் மறைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். (3)

இ. இவர்கள் என்ன வேலை செய்கிறவர்கள்? படத்தின் பெயரை மறந்துவிட்டு, கைகளை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வயலுக்குப் போகிறவரின் கையோடு ஒப்பிட்டு எழுதினால் நல்லது. (3)

5. இரண்டில் ஒன்று (8 புள்ளி)

முதலில் இதை வாசியுங்கள். 5அ குண்டுவீச்சுக்கு உள்ளான ஓர் ஊரைப் பற்றியது. நம் வீடுகளில் அந்த நினைவு இருக்கிறது. பார்க்க மனமில்லாதவர்கள் 5ஆ-வைச் செய்யுங்கள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், புள்ளியும் குறையாது. 5அ-வைச் செய்பவர்கள் வீட்டுக் கதையை எழுத வேண்டும் என்று இல்லை. யாரோடாவது கதைக்க வேண்டும்போல் இருந்தால் நான் நாள் முழுவதும் மண்டபத்தில்தான் இருப்பேன்.

5அ. குவர்னிக்கா. பப்லோ பிக்காசோ, 1937, ஸ்பெயின் நாட்டு ஊர் ஒன்றின்மேல் விமானங்கள் குண்டு வீசிய அதே ஆண்டு. ஏறக்குறைய 3.5 மீற்றர் உயரம், 7.8 மீற்றர் அகலம். மண்டபத் தரையில் அந்த அளவுக்கு வெண்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன், அதன் நடுவில் நின்று பாருங்கள். படத்தில் விமானம் இருக்கிறதா? இல்லையென்றால் ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? (3) இரண்டு வெளிச்சங்கள் இருக்கின்றன, ஒன்று மின்குமிழ், மற்றது ஒரு பெண் நீட்டும் விளக்கு. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றனவா? (3) கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் இல்லை. குதிரையின் உடம்பில் உள்ள சின்னச் சின்னக் கோடுகளையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஊரில் நடந்ததை அக்காலத்து மக்கள் எதில் பார்த்திருப்பார்கள்? (2)

5ஆ. நடராசர், சோழர் கால வெண்கலம். இந்த உருவத்தில் எவை ஓடுகின்றன, எவை அசையாமல் நிற்கின்றன? இரண்டு நிரலாக எழுதுங்கள். (4) முகம் எந்த நிரலில் வருகிறது, அது அங்கே வருவதால் ஆட்டம் எப்படித் தெரிகிறது? (4)

6. மேசையில் உள்ள பெட்டி (6 புள்ளி)

இது படம் இல்லை. சார்வோலையால் இழைத்த பெட்டி, கிளிநொச்சிச் சந்தையில் வாங்கியது. கையில் எடுத்துப் பார்க்கலாம், கவிழ்க்கலாம், மணக்கலாம்.

இழைத்தவர் எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார்? எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள்? (3) சாயமிட்ட ஓலை ஓரிடத்தில் கோலத்தை விட்டு விலகுகிறது. அது தவறா, வேண்டுமென்று செய்ததா? (3)

புள்ளியிடும் ஆசிரியர்களுக்கு

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு விடையிலும் மூன்றைத் தேடுங்கள்: எதைக் கண்டார், எங்கே கண்டார், அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார். முடிவு உங்களுக்கு உடன்பாடில்லை என்பதற்காகப் புள்ளியைக் குறைக்க வேண்டாம். கண்டதற்கும் முடிவுக்கும் இடையில் பாலம் இருந்தால் போதும். எழுத்துப் பிழைக்கும் குறைக்க வேண்டாம்.

1இ: எருது வராமல் போனதைக் கண்டு, மிதிபடும் படிக்கல்லில் சிவனின் வாகனத்தைச் செதுக்கத் தயங்கியிருக்கலாம் என்று யோசித்தால் நான்கும். “இந்துக்களுக்கு எருது புனிதம்” என்ற வரி மட்டும் இருந்தால் ஒன்று, அது கொப்பியில் இருந்து வந்தது. எல்லோரும் மிதிக்கும் இடம் என்பதைத் தாமே கண்டு எழுதியிருக்க வேண்டும்.

2ஆ, 2இ: மேல்பாதம் சற்றுப் பின்வாங்கியிருக்கிறது. தூக்கமல்ல, இறுதி நிலை என்பதற்கு அதைச் சாட்சியாக எடுப்பது வழக்கம். நெஞ்சில் குறுக்காகக் கட்டிய கைகளை ஆனந்தர் பக்கத்துக்கும், தாமரைப் பீடத்தைப் புத்தர் பக்கத்துக்கும் எழுதினால் நல்ல விடை. முகத்தை எந்தப் பக்கத்துக்கு எழுதினாலும் விளக்கம் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

3ஈ: தவம் செய்பவரையும் பக்கத்தில் நிற்கும் சிவனையும் இரு கதைக்கும் பொதுவான சாட்சி என்று ஒரு பிள்ளை எழுதினால், அதுவே இந்த வினாத்தாளின் சிறந்த விடை. ஐந்தையும் கொடுத்துவிட்டு என்னிடம் காட்டுங்கள். கங்கைப் பக்கத்துக்கு நாகங்கள், யானைகள், பிளவின் அடிப்பக்கம் ஈரத்துணி பிழிபவர் ஆகியோர் வரலாம். 3இ-யில் தவம் செய்யும் மிருகம் பூனை, அதைச் சுற்றி நிற்பவை எலிகள். பூனையைப் பற்றிப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்த பிறகு எலிகளின் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5அ: மேல்நோக்கிய தலைகளும் தூக்கிய கைகளும் விடை. “பத்திரிகை” என்ற சொல் வராவிட்டாலும், அச்செழுத்துப்போல இருக்கிறது என்று எழுதினாலே இரண்டும்.

6: இதற்கு நாம் புள்ளியிட வேண்டாம். பெட்டியை இழைத்த அம்மா முள்ளியவளையில் இருந்து 11 மணி பஸ்ஸில் வருகிறார். பிள்ளைகள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எது சரி என்று அவர் சொல்வார். விலகிய அந்த ஓலையைப் பற்றி நானும் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.