யார் ஏழை, எத்தனை பேர் ஏழை: வறுமையின் காரணம் பற்றிய விவாதத்தில் கலந்துபோன இரண்டு கேள்விகள்

முன்னுரை

இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் வீடு வீடாகச் சென்று திரட்டிய விவரங்களை சீபோம் ரவுன்ட்ரீ 1901இல் வெளியிட்டார். உடல்வலு குன்றாமல் இருக்கத் தேவையான உணவு, உடை, வாடகை ஆகியவற்றுக்கு மட்டும் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகைகூட வருமானமாக வராத குடும்பங்களை அவர் தனியே பிரித்தார். நகர மக்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேர் அந்நிலையில் இருந்தனர். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் வறுமையில் இருந்ததற்குக் காரணம், சம்பாதிப்பவருக்கு நிலையான வேலை இருந்தும் கூலி போதாததுதான். மேலும் 18 சதவீதம் பேரை அவர் வேறு வகையில் சேர்த்தார். கணக்குப்படி இவர்களின் வருமானம் போதும். ஆனால் அதில் ஒரு பகுதி வேறு செலவுகளில் கரைந்துவிடுகிறது. குடி அவற்றில் முக்கியமானது. ஆக, ஊதியத்தைக் குறை சொல்பவர்களும் ஏழையின் பழக்கத்தைக் குறை சொல்பவர்களும் இந்த ஒரே ஆய்வைத் தங்களுக்குச் சான்றாகக் காட்ட முடியும். நூறாண்டுக்கு மேலாகியும் விவாதம் அதே இடத்தில் நிற்கிறது.

தனிமனிதத் தேர்வை முன்வைக்கும் தரப்பை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பள்ளிப்படிப்பை முடித்து, முழுநேர வேலைக்குப் போய், அதன் பிறகே திருமணமும் குழந்தையும் என்று வாழ்ந்தவர்களிடையே வறுமை மிகக் குறைவு என்பதை அமெரிக்கத் தரவுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இந்த வாதத்தின் பலவீனம் அதன் நடுப்படியில் இருக்கிறது. முழுநேர வேலை என்பது விரும்பினால் கிடைத்துவிடுவதல்ல. அதைக் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும். 1929இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. 1933இல் நான்கில் ஒருவருக்கு இல்லை. நான்கே ஆண்டுகளில் அத்தனை பேரும் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாரும் வாதிட முடியாது.

எதிர்த்திசையிலும் இதே பாடம் கிடைக்கிறது. 1959இல் அமெரிக்க முதியோரில் சுமார் 35 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். 2000 வாக்கில் அது 10 சதவீதமளவுக்கு இறங்கியது. முதியவர்கள் இடையில் சிக்கனம் கற்றுக்கொண்டதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. ஓய்வூதியம் உயர்த்தப்பட்டு, பின்னர் விலைவாசியோடு இணைக்கப்பட்டதே இதற்குப் பெரும் காரணம்.

விதிகள் எண்ணிக்கையை மாற்றும் என்பது இதனால் தெரிகிறது. ஆனால் அவை ஒரு மனிதரின் வாழ்க்கைப் போக்கையும் மாற்றுமா? 1994இல் ஐந்து அமெரிக்க நகரங்களில் தொடங்கிய ஒரு சோதனை இதற்கு நேரடியாகப் பதில் தருகிறது. வறிய குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் வீட்டு வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது. வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்வதே நிபந்தனை. அப்படி 13 வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தனர். குலுக்கலுக்குப் பெற்றோரின் ஒழுக்கமோ உழைப்போ தெரியாது என்பதால் இந்த வேறுபாட்டைக் குணத்தின் மேல் ஏற்ற இயலாது. பெரியவர்களின் வருமானத்தில் இத்தகைய உயர்வு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: சூழல் மாறியதும் எல்லாம் மாறிவிடும் என்பவர்களுக்கு அது ஒரு தடை. காலம் கடந்தபின் செய்யும் மாற்றம் முன்பே பட்ட காயத்தை ஆற்றிவிடுவதில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர், இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் கருதுவதில் இருக்கிறது. ‘இந்த மனிதர் ஏன் ஏழையானார்?’ என்பது ஒன்று. ‘இந்தச் சமூகத்தில் ஏன் இத்தனை பேர் ஏழைகள்?’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் பொருத்தும்போதுதான் நலத்திட்டங்கள் அறிவுரை வகுப்புகளாகச் சுருங்குகின்றன. மக்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது, பயிற்சிக்கேற்ற வேலைகள் உருவாவதில்லை.

மைய வாதம்

தனிமனிதத் தேர்வுகள், இருக்கும் வாய்ப்புகளுக்குள் யார் வறுமையில் விழுகிறார் என்பதை ஓரளவு தீர்மானிக்கின்றன. ஆனால் எத்தனை பேர் விழுகிறார்கள், எவ்வளவு காலம் அதில் கிடக்கிறார்கள், ஒரே தவறுக்கு ஒருவர் கொடுக்கும் விலை இன்னொருவரைவிட ஏன் பல மடங்காகிறது என்பவற்றை ஊதிய அளவு, வேலைவாய்ப்பு, பிறந்து வளரும் இடம், சமூகப் பாதுகாப்பு ஆகிய அமைப்புக் காரணிகளே தீர்மானிக்கின்றன. ஆகவே வறுமையின் முதன்மைக் காரணம் சமூக அமைப்பே.

இதை நிறுவ, கட்டுரை முதலில் ஊதியத்தையும் வேலைவாய்ப்பையும், அடுத்து குழந்தைப்பருவச் சூழலையும், மூன்றாவதாகப் பணநெருக்கடி முடிவெடுக்கும் திறனையே எப்படிப் பாதிக்கிறது என்பதையும் ஆராய்கிறது. ஒரே சூழலில் வளர்ந்த உடன்பிறந்தோரில் ஒருவர் மீள, மற்றவர் மீளாதது ஏன் என்ற வலுவான மறுப்புக்கு இறுதிப் பகுதி விடை தேடுகிறது.