பனம்பொருள் கடை இணையத்தளம்: அடிக்குறிப்பின் புதிய வாசகம்

அண்ணை, யாழ்ப்பாணக் கடையின் இணையத்தளத்து அடிக்குறிப்பு கீழே. பழையது முதலில், புதியது அடுத்து. சட்டத்தரணி பார்த்துச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று மட்டுமே, அது கடைசியில்.

பழையது

இவ்விணையத்தளத்தில் பிரசுரிக்கப்பட்டுள்ள பண்டங்களின் விவரங்கள், படங்கள், விலைகள் மற்றும் ஏனைய தகவல்கள் யாவும் பொதுத் தகவலின் பொருட்டே வழங்கப்படுவதுடன் அவை முன்னறிவித்தலின்றி மாற்றத்துக்குள்ளாகலாம் என்பதும், உறுதிப்படுத்தப்பட்ட ஓடர்களின் விலை அவ்வாறு மாற்றப்படமாட்டாது என்பதும், பண்டங்களின் உடல்நலப் பயன்கள் தொடர்பான எக்கூற்றும் மருத்துவ ஆலோசனையாகக் கொள்ளப்படலாகாது என்பதும், வெளிநாட்டு அனுப்புதல்களுக்குப் பெறுநர் நாட்டில் அறவிடப்படக்கூடிய சுங்கத்தீர்வை உள்ளிட்ட கட்டணங்கள் கொள்வனவாளரையே சாரும் என்பதும், கூரியர் சேவையின் தாமதத்தால் ஏற்படும் இழப்புகளுக்கு, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, விற்பனையாளர் பொறுப்பாளியாகார் என்பதும், இவை இலங்கைச் சட்டத்தால் ஆளப்படும் என்பதும் இத்தால் அறியத்தரப்படுகிறது.

புதியது

இங்குள்ள விவரம், படம், விலை, ஏனைய தகவல் எல்லாம் பொதுத் தகவலுக்கே.

இவை அறிவிக்காமல் மாறலாம். உறுதிப்படுத்திய ஓடரின் விலை மட்டும் மாறாது.

உடல்நலப் பயன் பற்றி இங்கே சொல்லியிருப்பது எதுவும் மருத்துவ ஆலோசனை அல்ல.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அந்த நாட்டில் சுங்கத்தீர்வையோ வேறு கட்டணமோ கேட்டால், வாங்குபவரே கட்ட வேண்டும்.

கூரியர் தாமதத்தால் வரும் இழப்புக்கு, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, நாங்கள் பொறுப்பல்ல.

இவற்றுக்கு இலங்கைச் சட்டமே பொருந்தும்.

எதை வெட்டினோம், எதைத் தொடவில்லை

பழைய வாக்கியத்தில் ஏழு கூற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, புதிய வரிகளில் தேடிப் பார்த்தோம். ஆறு வரியில் ஏழும் நிற்கின்றன, ஏனென்றால் ‘மாறலாம்’ என்பதும் ‘ஓடரின் விலை மாறாது’ என்பதும் ஒரே வரியில்தான் இருக்க வேண்டும். விதிவிலக்கை விதியிலிருந்து பிரித்து அடுத்த வரிக்குத் தள்ளினால், அவசரமாக வாசிப்பவர் முதல் பாதியோடு போய்விடுவார்.

‘இத்தால் அறியத்தரப்படுகிறது’, ‘யாவும்’, ‘அவ்வாறு’ எல்லாம் வெட்டப்பட்டன. அவை வெறும் சோடனை. ஆனால் ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ அப்படியல்ல. இந்த மூன்று சொல்லை எடுத்துவிட்டால் வரி அழகாகக் குறுகும், கூடவே பொருளும் கெடும். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் கவனயீனத்தால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் பொறுப்பை விலக்க விடாது. மற்ற விலக்குகளுக்கும் அங்கே எல்லை இருக்கிறது. அதை மறந்து ‘எதற்கும் பொறுப்பில்லை’ என்று எழுதினால் வாசகம் உறுதியானதாகத் தோன்றும், ஆனால் நீதிமன்றத்தில் வலுவிழக்கலாம்.

சிறு சொல் மாறினால் ஆளே மாறுகிறார் என்பதற்குச் சுங்கத்தீர்வை பற்றிய வரி நல்ல உதாரணம். ‘பெறுபவர்’ என்று போட்டால் வாசிக்க இலகு. ஆனால் ரொறொன்ரோவில் இருக்கும் மருமகன் லண்டனில் உள்ள மாமிக்குப் பனாட்டும் பனங்கற்கண்டும் ஓடர் பண்ணினால், காசு மாமியின் தலையில் விழும். பழைய வாசகம் ‘கொள்வனவாளர்’ என்றுதான் சொன்னது, ஆகவே ‘வாங்குபவர்’. ‘உள்ளிட்ட’ என்பதற்காக ‘வேறு கட்டணமோ’ வந்தது. ‘தாமதம்’ என்பதை ‘கூரியர் பிரச்சினை’ என்று இலகுபடுத்தவில்லை, அது பொருள் உடைவதையும் தொலைந்துபோவதையும் சேர்த்து விலக்கிவிடும்.

‘வைத்தியரைக் கேளுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்க மனம் வந்தது. பழையதில் அது இல்லை, ஆகவே சேர்க்கவில்லை.

பக்கத்தில் போடும் விதம்

தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறி வரும். வரிகளின் இடைவெளி குறைந்தால் போனில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். சாம்பல் நிறத்தில் 11 பிக்சலில் போடுவதும் வழக்கம், அது வாசகரை விரட்டும். நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 வேண்டும்.

```css
.footer-note { font-size: 16px; line-height: 1.7; max-width: 34em; color: #333; }
```

```html
<ul class="footer-note" lang="ta">
```

ஆறு வரியையும் மடித்து மறைக்க வேண்டாம். விலையும் சுங்கமும் ஓடர் போடும் முன்னரே கண்ணில் பட வேண்டும். ஆங்கில அடிக்குறிப்பிலும் இதே ஆறு வரி, இதே வரிசையில் வரட்டும். ஒன்றை மாற்றும்போது மற்றதிலும் அதே எண்ணுள்ள வரியைத் திருத்தினால் போதும்.

சட்டத்தரணிக்கு

‘உறுதிப்படுத்திய ஓடர்’ என்பதில் உறுதிப்படுத்துபவர் யார்? வாங்குபவர் பொத்தானை அழுத்தியதா, கடை மின்னஞ்சல் அனுப்பியதா? பழையது இதைச் சொல்லவில்லை. நாங்களாக ஒன்றைத் தெரிவுசெய்தால் பொருள் மாறும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம். பதில் வந்ததும் இரண்டாவது வரியை மட்டும் மாற்றிப் பக்கத்தை ஏற்றுவோம்.