உணவுச் சுகாதாரத் தேர்வு, வினா 6: மறுபடி சூடாக்கிய சாதமும் பேசில்லஸ் சீரியஸும் (மாதிரி விடையுடன்)

வினா 6 (20 மதிப்பெண்கள், 40 நிமிடங்கள்)

கீழ்க்காணும் நிகழ்வைப் படித்து, தொடரும் வினாக்களுக்கு விடையளிக்கவும்.

ஒரு கல்லூரி விடுதியில் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குப் புழுங்கலரிசிச் சாதம் வடித்து இறக்கப்பட்டது. அரிசி 24 நிமிடங்கள் கொதிநீரில் வெந்தது. அன்று பலர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டதால் சுமார் 12 கிலோ சாதம் மிஞ்சியது. அதை ஆழமான அலுமினிய அண்டாவிலேயே விட்டு, ஈரத்துணியால் மூடி, அடுப்பங்கரையில் வைத்தனர். அறையின் வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ். மறுநாள் காலை 7 மணிக்கு அண்டாவின் நடுவில் சாதம் இன்னும் வெதுவெதுப்பாக, 38 டிகிரியில் இருந்தது. அதில் ஒரு கிலோவை மட்டும் சமையலர் தனியே எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். எஞ்சியதைக் கடுகும் கடலைப்பருப்பும் தாளித்த வாணலியில் கொட்டி, எலுமிச்சைச் சாறு சேர்த்து, ஐந்து நிமிடம் கிளறிப் பரிமாறினார். கிளறி முடித்தபோது சாதத்தின் வெப்பநிலை 78 டிகிரி.

எலுமிச்சை சாதத்தைச் சட்னியுடன் உண்ட 64 பேரில் 22 பேருக்கு 9 மணி முதல் 11 மணிக்குள் குமட்டலும் வாந்தியும் ஏற்பட்டன. காய்ச்சல் எவருக்கும் இல்லை. மறுநாளுக்குள் அனைவரும் தேறினர். அதே காலையில் இட்லியும் அதே சட்னியும் மட்டும் உண்டவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆய்வகச் சோதனையில், குளிர்பதனப் பெட்டியில் இருந்த வெறும் சாதத்தில் கிராமுக்கு சுமார் 3 லட்சம் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாக்களும், பரிமாறிய எலுமிச்சை சாதத்தில் கிராமுக்கு சுமார் 200 மட்டுமே இருந்ததும் தெரியவந்தது.

விசாரணையில் சமையலர் கூறியது: "நன்றாகக் கொதித்து வெந்த சாதம். காலையிலும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் போட்டேன். வாடை கூட வரவில்லை. அப்புறம் எப்படிக் கிருமி இருக்கும்?"

(அ) இது பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் இருவகை நோய்களுள் எது? நிகழ்விலிருந்து சான்று காட்டி நிறுவுக. (4)

(ஆ) கொதிநீரில் 24 நிமிடம் வெந்த பிறகும் இப்பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்திருப்பது ஏன்? வித்தின் அமைப்பைக் கொண்டு விளக்குக. (8)

(இ) வேகுமுன் அரிசியில் இருந்த வித்துகள், வெந்த சாதத்தின் எடைக்குக் கணக்கிட்டால், கிராமுக்கு 1,000 எனவும், 100 டிகிரியில் வித்துகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைய 8 நிமிடம் ஆகும் எனவும் கொள்க. பிழைத்தவை முளைத்து, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தன எனில், காலையில் கிராமுக்கு எத்தனை இருக்கும்? (4)

(ஈ) சமையலரின் கேள்விக்கு, அவர் அடுத்த வாரமே கடைப்பிடிக்கத்தக்க வகையில் விடை கூறுக. (4)

மாதிரி விடை

(அ) இது வாந்தி வகை நோய். உணவு 7 மணிக்குப் பிறகு பரிமாறப்பட்டது. முதல் அறிகுறி 9 மணிக்கே தோன்றியது. உடலுக்குள் சென்ற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்க இரண்டு மணி நேரம் போதாது. ஆகவே நச்சு உணவிலேயே உருவாகி, உண்ணும்போதே உள்ளே சென்றிருக்க வேண்டும். செரியுலைடு எனப்படும் அந்நச்சு பொதுவாக அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியை உண்டாக்கும். வயிற்றுப்போக்கு வகையில், உயிருள்ள பாக்டீரியாக்கள் சிறுகுடலில் நச்சுகளை உண்டாக்குவதால், அறிகுறி தோன்றப் பெரும்பாலும் 8 முதல் 16 மணி நேரம் ஆகிறது. இந்நிகழ்வில் வாந்தி முதன்மையாக இருந்ததும், காய்ச்சல் இல்லாததும், ஒரு நாளுக்குள் தேறியதும், உணவு மாவுச்சத்து மிகுந்த சாதமாக இருந்ததும் வாந்தி வகையையே உறுதிப்படுத்துகின்றன. பொதுவாக இருந்த சட்னியை உண்டும் இட்லிக்காரர்கள் நலமாக இருந்ததால், ஐயம் சாதத்தின் மீதே நிற்கிறது.

(ஆ) பேசில்லஸ் சீரியஸ் மண்ணில் வாழும் பாக்டீரியா. நெல் வயலிலிருந்தே அரிசியோடு வருவதால், அரிசியைக் கழுவுவதால் மட்டும் அதை முழுமையாக நீக்க இயலாது. அது இரண்டு நிலைகளில் காணப்படும்: உண்டு, வளர்ந்து, பிரியும் வளர்நிலைச் செல் ஒன்று, உணவு தீரும்போது அச்செல் தனக்குள் உருவாக்கும் அகவித்து மற்றொன்று. வளர்நிலைச் செல்லைக் கொல்ல 70 டிகிரியில் சில நிமிடங்கள் போதும். வித்து அவ்வாறு சாவதில்லை.

ஈரமான சூட்டில் ஓர் உயிர் சாவதற்குப் பெருங்காரணம், அதன் புரதங்கள் நீரின் நடுவே சுருள் அவிழ்ந்து, மீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்ப முடியாதவாறு உறைந்துபோவதாகும். முட்டையின் வெண்கரு கொதிநீரில் வெளுத்து இறுகுவது இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. அதே வெண்கருவை முன்னரே உலர்த்திப் பொடியாக்கிவிட்டால், திரவ வெண்கருவை இறுகச் செய்யும் சூட்டிலும் அது அவ்வாறு உறைவதில்லை. அவிழ்ந்து உறைவதற்கு வேண்டிய நீர் அங்கில்லை. வித்தின் நடுக்கருவும் ஏறத்தாழ அந்நிலையில்தான் இருக்கிறது. வளர்நிலைச் செல்லின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர் இருக்க, வித்தின் கருவில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. வெளியேறிய நீரின் இடத்தைக் கால்சியத்துடன் பிணைந்த டைபிகோலினிக் அமிலம் நிரப்புகிறது; வித்தின் உலர் எடையில் இது சுமார் பத்தில் ஒரு பங்கு. இச்சேர்மம் நிறைந்த, நீர் வற்றிய கருவுக்குள் புரதங்கள் அசைய இடமின்றி இறுகிக் கிடப்பதால், 100 டிகிரி வெப்பமும் அவற்றை எளிதில் அவிழ்ப்பதில்லை.

கருவை இவ்வாறு வறண்ட நிலையிலேயே வைத்திருப்பது அதைச் சூழ்ந்துள்ள புறணி என்னும் தடித்த பெப்டிடோகிளைக்கான் அடுக்காகும். வித்து கொதிநீரில் மூழ்கிக் கிடந்தாலும் கரு நீரை உறிஞ்சி விரிந்துவிடாதபடி இந்த அடுக்கு தடுக்கிறது. கருவுக்குள் டிஎன்ஏ மீது சிறு புரதங்கள் படிந்து அதைச் சிதையாமல் காக்கின்றன. புறணிக்கு வெளியே புரத உறைகளும், அவற்றுக்கும் வெளியே தளர்வான மேலுறை ஒன்றும் உள்ளன. இப்புற உறைகள் பெரிதும் வேதிப்பொருள்களையும் நொதிகளையும் தடுப்பவை. வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலுக்கு முதற்காரணம் நீர் வற்றிய கருவே. மேலும், வித்தில் வளர்சிதை மாற்றம் ஏறக்குறைய நின்றுவிட்டதால், சூட்டால் இடையில் தடைபட்டுக் கெடுவதற்கு அங்கே இயங்கிக்கொண்டிருக்கும் வினைகளும் இல்லை.

வித்துக்கு வெப்பத்தால் அழிவே இல்லை என்பது பொருளன்று. கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு பங்கு வித்துகள் சாகின்றன. ஆனால் சாதம் வேகும் நேரம் அனைத்தையும் அழிக்கப் போதுவதில்லை. இதில் ஒரு முரண் உண்டு. பிழைத்த வித்துகளுக்கு அச்சூடு முளைக்கும் தூண்டுதலாகவும் அமைகிறது. அதோடு, அவற்றுக்குப் போட்டியாக வளரக்கூடிய பிற கிருமிகளையும் கொதிநீர் கொன்றுவிடுகிறது. சாதம் ஆறி 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், அதிலுள்ள அமினோ அமிலம் போன்ற சத்துகளை உணர்ந்து, வித்து டைபிகோலினிக் அமிலத்தை வெளியேற்றி, புறணியைக் கரைத்து, நீரை உள்ளிழுத்து வளர்நிலைச் செல்லாக மாறுகிறது. ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்து இரவு முழுதும் வெதுவெதுப்பாக இருந்த அண்டா அதற்கு ஏற்ற இடமாயிற்று.

(இ) 24 ÷ 8 = 3. ஆகவே எண்ணிக்கை மூன்று முறை பத்தில் ஒன்றாகக் குறைந்து, 1,000 என்பது கிராமுக்கு 1 ஆகிறது. 12 கிலோவில் இது 12,000 உயிருள்ள வித்துகளாகும். 10 மணி முதல் 7 மணி வரை 9 மணி நேரம். அரை மணிக்கு ஒருமுறை எனில் 18 இரட்டிப்புகள். 2¹⁸ = 2,62,144. எனவே காலையில் கிராமுக்கு சுமார் 2.6 லட்சம் இருக்கும். இது ஆய்வகம் கண்ட எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது; நோயுண்டாக்கும் உணவுகளில் வழக்கமாகக் காணப்படும் ஒரு லட்சம் என்ற அளவையும் தாண்டுகிறது.

(ஈ) காலையில் சூடாக்கியது வீணாகவில்லை. வளர்நிலைச் செல்கள் இறந்ததால்தான் எலுமிச்சை சாதத்தில் எண்ணிக்கை 200 ஆகக் குறைந்தது. ஆனால் இரவிலேயே உருவாகிவிட்ட செரியுலைடு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாதது. 78 டிகிரியும் ஐந்து நிமிடமும் அதை ஒன்றும் செய்யவில்லை. அது அமிலத்தையும் தாங்கும் என்பதால் எலுமிச்சைச் சாறும் உதவவில்லை. அதற்கு மணமோ சுவையோ இல்லாததால், வாடையைக் கொண்டு சாதத்தின் நிலையை அறிய இயலாது. ஆகவே தடுக்க வேண்டிய இடம் காலை அடுப்பு அன்று. முந்தைய இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட நேரம்.

பரிமாறும் வரை சாதத்தை 63 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும். மிஞ்சியதை அண்டாவில் விடாமல், அகன்ற தட்டுகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆறவைத்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் 5 டிகிரிக் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். மறுநாளுக்குள் ஒரே ஒருமுறை சூடாக்கிப் பரிமாறி, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். தட்டுகளுக்கோ பெட்டிக்கோ இடமில்லை எனில், இரவுச் சாதத்தைக் காலைக்கு வைக்கவே கூடாது. ஊருக்குச் செல்வோரின் எண்ணிக்கையை வெள்ளிக்கிழமை மதியமே கேட்டு அரிசியைக் குறைத்துப் போடுவது எளிய வழி.

திருத்துவோர் கவனத்திற்கு

(அ) பகுதியில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நச்சும் இதே நேரத்துக்குள் வாந்தியை உண்டாக்கும் என்று எழுதி, ஆய்வக முடிவைக் கொண்டு அதை விலக்கியிருப்பவருக்கு முழு மதிப்பெண் வழங்குக. அவ்வாறு ஐயப்படுவது நல்ல ஆய்வாளரின் இயல்பு. எலுமிச்சை சாதத்தில் 200 மட்டுமே இருந்ததால் அது நோய்க்குக் காரணமன்று என்று முடிவு செய்தவருக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வழங்க வேண்டாம்.

(ஆ) பகுதியில் "வித்துக்குக் கெட்டியான ஓடு இருப்பதால் சூடு உள்ளே போவதில்லை" என்ற விடை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அது தவறு. இத்தனை சிறிய வித்துக்குள் வெப்பம் நொடியில் பரவிவிடும். கரு சூடாகியும் சிதையாமல் இருப்பதே விளக்க வேண்டிய செய்தி. நீர்க்குறைவைக் குறிப்பிடாத விடைக்கு, அடுக்குகளை வரிசை பிசகாமல் எழுதியிருந்தாலும், நான்கு மதிப்பெண்ணே உச்சம்.

(ஈ) பகுதியில் 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சாதத்தால் நேர்ந்த நோய்களைச் சிலர் எடுத்துக்காட்டலாம். குளிர்ந்த சாதம் கட்டிகட்டியாகிவிடும் என்பதற்காக அதை அறை வெப்பநிலையிலேயே விட்டு, பிறகு சிறிது நேரம் மட்டும் வறுத்த பழக்கமே காரணம் என்று எழுதினால் ஒரு மதிப்பெண் தருக. பழைய சோற்றைச் சுட்டிக்காட்டி, "நம் பாட்டிமார் இரவெல்லாம் வைத்து உண்டார்களே" என்று எழுதுவோரும் இருப்பர். நீரூற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பேற்றுவதால் பேசில்லஸ் சீரியஸின் வளர்ச்சி தடைபடுகிறது, அண்டாவில் வெறுமனே விட்ட சாதத்தில் அந்தப் புளிப்பு இல்லை என்று வேறுபடுத்தினால் அதை ஏற்கலாம். அண்டாச் சாதமும் அதனால் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு மதிப்பெண் இல்லை.