பின்னாடி திருப்பாதே

ஐப்பசி அடைமழை. மடிப்பாக்கத்துத் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். மாணிக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது; கருவிப் பை மட்டும் பாலித்தீன் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

"இந்த மழையில வருவீங்கன்னு நினைக்கலைங்கய்யா" என்று சுதா துண்டை நீட்டினாள். சமையலறைக் குழாய் அடியில் விரிசல் விட்டு, சுவரோடு ஒழுகிக்கொண்டிருந்தது.

"மாடில வால்வு எங்கம்மா?"

ஆறாவது படிக்கும் கதிர் குடையோடு முந்திக்கொண்டான். தொட்டியிலிருந்து மூன்று குழாய்கள் இறங்கின.

"இதுல எது சமையல்கட்டுக்கு, தாத்தா?"

"யாருக்குத் தெரியும்? ஒவ்வொண்ணா மூடிப் பாப்போம். மூடினதும் நிக்காது. குழாய்ல இருக்கற தண்ணி வடியணும்ல, பொறு."

இரண்டாவது வால்வை மூடிக் கொஞ்ச நேரத்தில் கீழிருந்து சுதாவின் குரல் வந்தது: "நின்னுடுச்சு!"

பழைய குழாயைக் கழற்றியதும், புதியதையும் டெஃப்லான் டேப்பையும் பையன் கையில் கொடுத்தார். "சுத்து."

கதிர் தன் போக்கில் சுற்றினான். மாணிக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் பொருத்தித் திருகத் தொடங்கியதும் டேப் சுருண்டு பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏன் தாத்தா?"

"குழாய எந்தப் பக்கம் திருகுற?"

கதிர் காற்றில் விரலைச் சுழற்றிப் பார்த்தான். "வலப்பக்கம்." சட்டென்று முகம் மலர்ந்தது. "அப்ப டேப்பும் அதே பக்கம் சுத்தணும்! திருகத் திருக அதுவும் இறுகும்!"

மரையை நேராகத் தன் கண்ணுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகிற திசையில் இழுத்து இழுத்து எட்டுச் சுற்று சுற்றினான். மரையின் வரிகள் வெள்ளை டேப்பின் மேல் அச்சாகத் தெரிந்தன. கிழவர் நகத்தால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்.

கையால் போகும் வரை கையால், பிறகு ஸ்பேனர். கடைசித் திருகலில் குழாயின் வாய் லேசாகக் கோணிக்கொண்டது. கதிர் அதைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நேராக்கினான். மாடிக்கு ஓடி வால்வைத் திறந்துவிட்டு வந்தான்.

சுவரோரம் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. இன்னொன்று.

"பின்னாடி திருப்பினியா?"

"கோணலா இருந்துச்சு தாத்தா..."

"இறுகின டேப்பைப் பின்னாடி திருப்பினா அது விட்டுடும். நேராக்கணும்னா இன்னும் முன்னாடிதான் போகணும். முடியலன்னா கழட்டிப் புதுசா சுத்தணும்."

"சொட்டுதானேய்யா, பரவால்ல" என்றாள் சுதா. "இருட்டிப்போச்சு, நீங்க கிளம்புங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"விடியறதுக்குள்ள ஒரு வாளித் தண்ணி போயிடும்மா. சுவரும் ஊறும்." மாணிக்கம் மறுபடி தரையில் உட்கார்ந்து, டேப்பின் நுனியைத் தேடி எடுத்தார். "தம்பி..."

கதிர் அதற்குள் படியில் இருந்தான். "ரெண்டாவது வால்வுதானே தாத்தா? மூடிட்டேன்னா குரல் குடுக்கறேன். நான் வர்ற வரைக்கும் நீங்க சுத்தக் கூடாது!"