பேப்பரிலிருந்து பணத்துக்கு: 20 நாள் பிரேக்அவுட் உத்திக்கான நிபந்தனைகள்

ஈரோடு, 9 நவம்பர் 2025, ஞாயிறு

நானும் மாப்பிள்ளையும் பணம் போடாமல் பேப்பரில் மட்டும் ஓட்டிப் பார்க்கும் பங்கு உத்தியை, இந்தத் தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தன்றே நிஜப் பணத்தில் ஆரம்பித்துவிடலாம் என்று அவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம், எப்போது வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டபோது என்னிடம் தெளிவான பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். முடிவு என்னவாக வரும் என்று தெரிவதற்கு முன்பே அளவுகோலை எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு எழுதினால், வந்த எண்ணுக்கு ஏற்றபடி கோட்டை நகர்த்திவிடுவோம்.

எந்த உத்தி, எவ்வளவு பணம்

நிஃப்டி 100 பங்குகள் மட்டும். ஒரு பங்கு, முந்தைய 20 நாள் உச்ச விலைக்கு மேல் முடிந்தால் மறுநாள் காலை 9:20க்கு வாங்குவது. 10 நாள் குறைந்த விலைக்குக் கீழே முடிந்தால் மறுநாள் 9:20க்கு விற்பது. அதற்கு முன்பே ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே குறித்து வைத்த விலை, தொட்டால் அங்கேயே வெளியேறுவது. ஒரே நேரத்தில் ஐந்து பங்குகளுக்கு மேல் கையில் இருக்காது. ஒன்றில் ₹20,000க்கு மேல் போடுவதில்லை, ஸ்டாப் தொட்டால் போகும் தொகை ₹1,000ஐத் தாண்டக்கூடாது.

நிஜக் கட்டத்தின் முதலீடு ₹1 லட்சம். ஆளுக்குப் பாதி. முழுதும் போனாலும் வீட்டில் யாருக்கும் சொல்லி அழ வேண்டியிராத பணமாக அது இருக்க வேண்டும். சீட்டு எடுத்த பணம், பள்ளிக் கட்டணத்துக்கு வைத்தது, நகைக்கடன் எதுவும் இதில் வராது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் இந்தக் கட்டத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. 2021-22 முதல் 2023-24 வரை அங்கே வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த 93இல் நானும் ஒருவன், 2023இல். பதினோரு பேப்பர் டிரேடு நன்றாகப் போனதைப் பார்த்து ₹3 லட்சத்தோடு இறங்கினேன். அந்தக் கதையை வீட்டில் எல்லோரும் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

1. எண்ணிக்கை

முடிந்த டிரேடு குறைந்தது 60. மார்ச் 3இல் ஆரம்பித்தோம், இன்றைக்கு 44 முடிந்திருக்கிறது. அதில் மூன்று செல்லாது, பாப்பா பிறந்த வாரத்தில் மறுநாள் மதியம் விலையைப் பார்த்துவிட்டு எழுதியவை. மீதி 41.

60 என்பது ஒன்றும் மந்திர எண் அல்ல. உண்மையான வெற்றி விகிதம் 40 சதவீதமாக இருந்தால், 60 டிரேடில் அது எவ்வளவு ஆடும் என்பதற்குக் கணக்கு இது:

```
sqrt(0.40 * 0.60 / 60) = 0.063
```

இரு பக்கமும் இதைப் போல் சுமார் இரண்டு மடங்கு ஆடலாம், அதாவது வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 28 முதல் 52 சதவீதம் வரை எதுவும் வரலாம். 11 டிரேடில் என்ன வரும் என்று நான் 2023இல் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எனவே 60 டிரேடு உத்தியை நிரூபிக்காது. 2015 முதல் 2024 வரையிலான பழைய விலைகளில் உத்தியை ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட் சொன்னதற்கு முரணாக எதுவும் நடக்கவில்லை என்று மட்டும் சொல்லும். நமக்கு அது போதும்.

2. செலவு போக மிச்சம்

பேப்பர் ஆப் காட்டும் லாபத்தை நம்ப வேண்டாம். அதில் பங்கு வர்த்தக வரியான எஸ்டிடியும் இல்லை, விற்ற பங்கை டீமேட்டிலிருந்து எடுப்பதற்கான டிபி கட்டணமும் இல்லை. ₹16,000க்கு வாங்கி ஏறக்குறைய அதே விலைக்கு விற்றால் நம் கணக்கில் போவது இது: எஸ்டிடி இரண்டு பக்கமும் 0.1 சதவீதம், ₹32. முத்திரைத் தீர்வை ₹2.40. புரோக்கரேஜ் இரண்டு பக்கமும் இருபது, ஜிஎஸ்டியோடு ₹47.20. விற்கும்போது டிபி கட்டணம் ₹16. சந்தைக் கட்டணம் ஒரு ரூபாய் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் சுமார் ₹100. நாம் பார்க்கும் விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பக்கத்துக்கு 0.15 சதவீதம் என்று வைத்தால் இன்னும் ₹48.

ஆக ஒவ்வொரு டிரேடிலும் ₹150 கழித்த பிறகே எழுத வேண்டும். ஆயிரம் ரூபாய் அபாயத்தில் இது 15 சதவீதம். சின்ன முதலீட்டில் செலவு இப்படித்தான் கடிக்கும்.

நிபந்தனை: 60 டிரேடின் சராசரி, செலவு போக, டிரேடுக்கு ₹150க்குக் குறையக்கூடாது. பேக்டெஸ்டில் ₹260 வந்தது. இப்போது 41இல் ₹236. குறுகிய கால ஆதாய வரி 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம். அதை ஆண்டுக் கடைசியில் பார்த்துக்கொள்வோம், இங்கே கலக்க வேண்டாம்.

3. இரண்டை எடுத்துவிட்டுப் பார்ப்பது

இது மாப்பிள்ளைக்குப் பிடிக்காத நிபந்தனை. பெரிய லாபம் தந்த இரண்டு டிரேடை எடுத்துவிட்டால் மீதி மைனஸில் போகக்கூடாது.

இப்போது மொத்த லாபம் ₹9,676. பெரிய இரண்டு ₹5,180, ₹4,610. எடுத்துவிட்டால் ₹114 நஷ்டம். "டிரெண்டு பிடிக்கிற உத்தியில் ஒன்றிரண்டு பெரிய மீன்தான் சாப்பாடு போடும்" என்பது அவர் வாதம், தவறில்லை. அதனால்தான் ஐந்தை எடுக்கச் சொல்லாமல் இரண்டோடு நிறுத்தினேன். எட்டு மாத வேலையின் பலன் முழுக்க இரண்டு பங்குகளில் இருக்கிறதென்றால், அந்த இரண்டு சிக்னல் வந்த நாளில் நாம் ஊரில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவும்.

4. விழுந்த நாளில் எழுதிய விலை

பேப்பர் காலத்தில் சந்தை ஒரு முறையாவது பலமாக விழுந்திருக்க வேண்டும். இது நிறைவேறியது. அமெரிக்க வரி அறிவிப்புக்குப் பிறகு வந்த ஏப்ரல் 7 திங்கட்கிழமை நிஃப்டி 5 சதவீதம் இடைவெளி விட்டுக் கீழே திறந்தது. ஓரளவு மீண்ட பிறகும் நாள் முடிவில் 3 சதவீதத்துக்கு மேல் இறக்கம்.

அன்று நம் ஆப் செய்த வேலையைப் பாருங்கள். ₹684க்கு 23 பங்கு வாங்கியிருந்தோம், ஸ்டாப் ₹642. ஆப் ₹642க்கு விற்றுவிட்டதாகக் காட்டியது, நஷ்டம் ₹966. ஆனால் காலையில் அந்தப் பங்கு திறந்ததே ₹611இல். ₹642க்கு வாங்க யாரும் இல்லை. நிஜத்தில் நஷ்டம் ₹1,679 ஆகியிருக்கும். ஆப்பின் கணக்கில் ₹713 காணாமல் போய்விட்டது.

எனவே ஸ்டாப்பைத் தாண்டித் திறந்தால் திறந்த விலைதான் நம் விலை. பழைய 41 டிரேடையும் இந்த முறையில் ஒரு தடவை திருத்தியாகிவிட்டது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் திருத்தியவை.

இன்னொன்று. நம் புரோக்கரிடம் முன்கூட்டியே போட்டு வைக்கும் ஜிடிடி ஸ்டாப், விலை தொட்டதும் லிமிட் ஆர்டராகத்தான் போகிறது, குறித்த விலைக்குக் கீழே விற்காது. ஏப்ரல் 7 மாதிரி ஒரு காலையில் அது நிறைவேறாமல் தொங்கும். அப்படி நடந்தால் 9:20க்கு அந்த லிமிட் ஆர்டரை ரத்து செய்துவிட்டு மார்க்கெட் விலைக்கு விற்க வேண்டும். இந்த வேலை என்னுடையது. நான் பேருந்தில் இருந்தால் மாப்பிள்ளையுடையது.

5. கை ஒழுக்கம்

கடைசி 20 சிக்னலில் ஒன்றுகூட விடுபட்டிருக்கக்கூடாது. அன்றிரவு 9 மணிக்குள் ஷீட்டில் ஏறியிருக்க வேண்டும், மறுநாள் ஏறினால் செல்லாது. "இந்தப் பங்கு எனக்குப் பிடிக்கவில்லை" என்று தள்ளியது ஒன்று இருந்தாலும் இருபதும் முதலிலிருந்து. இதுவரை நம்முடைய நீண்ட வரிசை 14. பதினைந்தாவதைத் தள்ளியது நான்தான், ஒரு செய்தியைப் படித்துவிட்டு.

6. ஒரு பங்கு ஒத்திகை

கடைசி பத்து பேப்பர் டிரேடோடு கூடவே, அதே நேரத்தில், அதே பங்கில் ஒன்றே ஒன்றை நிஜமாக வாங்கி விற்க வேண்டும். லாபத்துக்காக அல்ல, விலையை அளக்க. ஷீட்டில் எழுதிய விலைக்கும் கான்ட்ராக்ட் நோட்டில் வந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக 0.15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. தாண்டினால் இரண்டாவது நிபந்தனையில் செலவாகக் கழிக்கும் ₹150ஐ உயர்த்தி எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். பத்து டிரேடுக்குக் கட்டணமாக மட்டும் ₹650 போல ஆகும். ஆகட்டும்.

இதிலேயே மற்ற கோளாறுகளும் வெளியே வரும். விற்ற பங்கைப் புரோக்கரே டீமேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டிடிபிஐ கையெழுத்தாகாமல் இருந்தால் விற்கும்போது டிபின் என்ற ரகசிய எண் கேட்கும், ஓடிபி வரும்வரை 9:20 காத்திருக்காது. இன்று வாங்கிய பங்கு நாளைதான் டீமேட்டுக்கு வரும். வருவதற்குள் விற்று, நமக்கு விற்றவர் பங்கைத் தராமல் போனால், அதை ஏலத்தில் வாங்கித் தரும் செலவு நம் தலையில் விழும். பேப்பரில் இதெல்லாம் தெரியவே தெரியாது. டிடிபிஐ படிவம் இந்த வாரம் போகிறது.

ஆரம்பித்த பிறகு

முதல் 30 டிரேடு வரை தொகையைக் கூட்டுவதில்லை, எவ்வளவு நன்றாகப் போனாலும். பேப்பர் ஷீட்டும் பக்கத்திலேயே ஓட வேண்டும். 30 முடிந்ததும் நிஜச் சராசரி, பேப்பர் சராசரியைவிட டிரேடுக்கு ₹100க்கு மேல் குறைவாக இருந்தால் நிறுத்தி, எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும். நஷ்டம் உச்சத்திலிருந்து ₹12,000 ஆனால் அன்றே நிறுத்தம். தொடர்ந்து எட்டு நஷ்டம் வந்தால் மட்டும் நிறுத்த வேண்டாம். பத்தில் ஆறு தோற்கும் உத்தியில் 60 டிரேடுக்குள் அப்படி ஒரு வரிசை வர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த வாரம் எனக்குக் கோபம் வரும் என்பது தெரியும், கோபத்தில் நான் எடுக்கும் முடிவு செல்லாது என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆறு நிபந்தனையும் நிறைவேறினால்தான் பணம் கணக்குக்குப் போகும். ஐந்தரை என்று எதுவும் இல்லை. இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்கக்கூடாது. நிபந்தனையை மாற்ற வேண்டுமென்றால் புதிய தேதி போட்டு எழுதி, அதற்குப் பிறகு வரும் டிரேடுகளுக்கு மட்டும் பொருந்தும்.

இன்றைய நிலை: இரண்டு இதுவரை சரி, நான்கு நிறைவேறியது. ஒன்று, மூன்று, ஐந்து பாக்கி. ஆறாவது 50வது டிரேடு முடிந்ததும் தொடங்கும். அடுத்து இருவரும் உட்கார்ந்து பார்ப்பது டிசம்பர் 14, ஞாயிறு, மாப்பிள்ளை வீட்டில். சாட்சிக் கையெழுத்து தங்கச்சி போட்டிருக்கிறாள், ₹1 லட்சம் அதுவரை அவள் வங்கிக் கணக்கில் இருக்கும்.