பிஸ்டனுக்குக் கீழே அரை கிலோ நீராவி: ஒரு கணக்கும் அதன் முழுத் தீர்வும்

கணக்கு இதுதான். உராய்வில்லாத பிஸ்டன் பொருத்திய நிமிர்ந்த சிலிண்டரில் 0.5 கிலோ ஈர நீராவி இருக்கிறது. அழுத்தம் 400 கிலோபாஸ்கல், உலர்வுப் பின்னம் 0.8. பிஸ்டன் தடையின்றி மேலே நகரும். நீராவியின் வெப்பநிலை 300 டிகிரி செல்சியஸ் ஆகும்வரை சூடேற்றுகிறோம். கொடுக்க வேண்டிய வெப்பம், பிஸ்டன் எல்லையில் நடக்கும் வேலை, என்தால்பி மாற்றம் ஆகிய மூன்றையும் காண்க. சிலிண்டரின் உள்விட்டம் 0.5 மீட்டர், வெளியே வளிமண்டல அழுத்தம் 100 கிலோபாஸ்கல்.

முதலில் 400 என்ற எண்ணைக் கவனியுங்கள். நீராவி அட்டவணையில் இருப்பதெல்லாம் முழு அழுத்தம், அதாவது வளிமண்டலத்தையும் சேர்த்தது. கணக்கில் தந்திருப்பதும் அதுவே. இந்தச் சிலிண்டரில் ஒரு கேஜ் மாட்டினால் முள் 300-இல்தான் நிற்கும். ஆய்வகத்தில் கேஜைப் பார்த்து எழுதிய எண்ணோடு நேராக அட்டவணைக்குப் போகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

அட்டவணையிலிருந்து நமக்கு வேண்டிய வரிகள்:

```
400 kPa, Tsat = 143.61 °C
vf = 0.001084   vg = 0.46242   m³/kg
uf = 604.22     ufg = 1948.9   kJ/kg
hf = 604.66     hfg = 2133.4   kJ/kg
hg = 2738.1 kJ/kg

400 kPa, 300 °C
v = 0.65489 m³/kg
u = 2805.1   h = 3067.1  kJ/kg
```

தொடக்க நிலையில் நீரும் ஆவியும் கலந்திருக்கின்றன. ஆகவே அழுத்தமும் வெப்பநிலையும் மட்டும் தெரிந்தால் போதாது. உலர்வுப் பின்னம் வேண்டும். இறுதி நிலையில் 300 டிகிரி என்பது 143.61-ஐத் தாண்டிவிட்டதால் மீவெப்ப நீராவி. அங்கே அழுத்தமும் வெப்பநிலையுமே போதும், நேராக எடுத்துக்கொள்ளலாம்.

```
v1 = 0.001084 + 0.8(0.46242 - 0.001084) = 0.37015 m³/kg
u1 = 604.22 + 0.8(1948.9) = 2163.34 kJ/kg
h1 = 604.66 + 0.8(2133.4) = 2311.38 kJ/kg
```

கணக்கைத் தொடரும் முன் சிலிண்டருக்குள் ஒரு பார்வை. மொத்தப் பருமன் 0.5 × 0.37015, சுமார் 185 லிட்டர். இதில் நீராக இருப்பது 0.1 கிலோ, அதாவது 108 மில்லிலிட்டர். எடையில் ஐந்தில் ஒரு பங்கு, பருமனில் ஒரு காபி டம்ளர்கூட நிறையாது. உலர்வுப் பின்னம் எடையைப் பற்றியது, இடத்தைப் பற்றியது அல்ல என்பதை இந்த டம்ளரை வைத்து நினைவில் கொள்ளலாம்.

இப்போது வேலை. அழுத்தம் மாறவில்லை என்பதால் தொகையீடு தேவையில்லை. அழுத்தத்தைப் பரும மாற்றத்தால் பெருக்கினால் முடிந்தது.

```
W = m P (v2 - v1)
  = 0.5 × 400 × (0.65489 - 0.37015)
  = 56.95 kJ
```

கிலோபாஸ்கலைக் கனமீட்டரால் பெருக்கினால் கிலோஜூல் கிடைக்கும். இங்கே ஆயிரத்தால் பெருக்குவதோ வகுப்பதோ வேண்டாம்.

என்தால்பி மாற்றம்:

```
ΔH = m (h2 - h1)
   = 0.5 × (3067.1 - 2311.38)
   = 377.86 kJ
```

மிஞ்சியிருப்பது வெப்பம். விடைத்தாள்களில் மதிப்பெண் கரைவது இந்த இடத்தில்தான். என்தால்பி 377.86 வந்துவிட்டது, வேலை 56.95 வந்துவிட்டது, "வெப்பம் என்பது ஆற்றல் மாற்றமும் வேலையும் சேர்ந்தது" என்று முதல் விதியும் மனப்பாடம். இரண்டையும் கூட்டி 434.81 என்று அடிக்கோடு போட்டுவிடுவார்கள். எண் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிஸ்டனைத் தூக்கிய வேலைக்கு இரண்டு முறை பில் போட்டிருக்கிறார்கள்.

முதல் விதி பேசுவது உள்ளாற்றலைப் பற்றி. இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் நீராவிக்குப் பெரிதாக மாறவில்லை என்று விட்டுவிட்டு எழுதினால்:

```
Q = ΔU + W
  = (U2 - U1) + P(V2 - V1)
  = (U2 + PV2) - (U1 + PV1)
  = H2 - H1
```

இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவது வரிக்குப் போக முடிவது, இரு முனைகளிலும் அதே P இருப்பதால் மட்டுமே. என்தால்பி என்ற அளவை உருவாக்கியதன் வசதியே இதுதான்: பிஸ்டனைத் தள்ளும் பங்கு அதற்குள் முன்கூட்டியே அடங்கிவிடுகிறது. பழைய நீராவிப் புத்தகங்களில் இதற்கு "டோட்டல் ஹீட்", அதாவது மொத்த வெப்பம் என்றே பெயர். கறாராகப் பார்த்தால் அந்தப் பெயர் சரியில்லை. என்தால்பி ஒரு நிலைப் பண்பு, வெப்பமோ பாதையைப் பொறுத்தது. ஆனாலும் மாறா அழுத்தத்தில் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது இந்த நான்கு வரிகளில் தெரியும்.

ஆகவே வெப்பம் 377.86 கிலோஜூல். உள்ளாற்றல் வழியாகவும் போய்ச் சரிபார்ப்போம்:

```
ΔU = 0.5 × (2805.1 - 2163.34) = 320.88 kJ
ΔU + W = 320.88 + 56.95 = 377.83 kJ
```

0.03 வித்தியாசம் அட்டவணை எண்களின் கடைசி இலக்க முழுமையாக்கலால் வந்தது. உங்கள் கையிலிருக்கும் அட்டவணை வேறு பதிப்பாக இருந்தால் கடைசி இலக்கம் இன்னும் கொஞ்சம் நகரலாம். அதற்காகப் பதற வேண்டாம். ஐந்து, பத்து கிலோஜூல் விலகினால் வேறு வரியைப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

விட்டத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்று சிலர் யோசித்திருப்பீர்கள். கேட்ட மூன்று விடைகளுக்கும் அது தேவைப்படவில்லை. நான்தான் வேண்டுமென்றே சேர்த்தேன், 56.95 கிலோஜூல் எங்கே போனது என்று காட்டுவதற்காக.

பிஸ்டனின் பரப்பு 0.19635 சதுரமீட்டர். பருமன் 0.14237 கனமீட்டர் கூடியிருக்கிறது. ஆக பிஸ்டன் 0.725 மீட்டர் உயர்ந்திருக்கிறது. உள்ளே 400, வெளியே 100. மீதி 300 கிலோபாஸ்கலைப் பிஸ்டனின் எடைதான் தாங்குகிறது. அந்த எடை 58.9 கிலோநியூட்டன், நிறையில் சொன்னால் ஏறக்குறைய 6000 கிலோ. பாடப்புத்தகப் படத்தில் கோடு போட்ட சின்னச் செவ்வகமாக இருக்கும் பிஸ்டன், உண்மையில் ஆறு டன்.

```
பிஸ்டனைத் தூக்க:        58.905 kN × 0.725 m     = 42.71 kJ
வளிமண்டலத்தைத் தள்ள:   100 kPa × 0.14237 m³    = 14.24 kJ
மொத்தம்                                           = 56.95 kJ
```

கணக்கு ஒட்டிவிட்டது. நான்கில் மூன்று பங்கு ஆறு டன்னை இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கியதில் போயிருக்கிறது. நான்கில் ஒரு பங்கு வெளிக்காற்றை ஒதுக்கியதில். இந்தச் சிலிண்டரால் உங்களுக்கு ஏதாவது பயன் உண்டென்றால் அது அந்த 42.71 மட்டும்தான். எல்லை வேலை முழுவதும் கைக்குக் கிடைக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் பார்க்கலாம். 377.86 முழுவதும் ஒரே விதமாகச் செலவாகவில்லை. முதல் கட்டத்தில் மிச்சமிருந்த 0.1 கிலோ நீர் ஆவியாகிறது. அதற்கு 0.5 × 0.2 × 2133.4 = 213.34 கிலோஜூல். அந்த நேரம் முழுதும் வெப்பமானி 143.61-ஐ விட்டு அசையாது. கடைசித் துளி ஆவியான பிறகுதான் முள் ஏறத் தொடங்கும். அங்கிருந்து 300 வரை 0.5 × (3067.1 − 2738.1) = 164.5 கிலோஜூல். பாதிக்கு மேற்பட்ட வெப்பம் வெப்பநிலையை ஒரு டிகிரிகூட உயர்த்தாமல் போயிருக்கிறது.

வேலையோ தலைகீழ். ஈரக் கட்டத்தில் பிஸ்டன் செய்யும் வேலை 18.45 கிலோஜூல், கொடுத்த வெப்பத்தில் 8.6 சதவீதம். மீவெப்பக் கட்டத்தில் 38.49, அதாவது 23.4 சதவீதம். காரணம் எளிது. நீர் ஆவியாகும்போது மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கவே வெப்பத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. முழுக்க ஆவியான பின் அந்தச் செலவு இல்லை; விரிவதற்குக் கூடுதலாக மிஞ்சுகிறது. சாதாரண வெப்பநிலையில் காற்றை மாறா அழுத்தத்தில் சூடேற்றினால் இந்தப் பங்கு 28.6 சதவீதம். நீராவி காற்றின் நடத்தையை நோக்கிப் போகிறது, ஆனால் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

இதனால்தான் இந்தக் கணக்கில் தன்வெப்பத்தை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கும் குறுக்குவழியை நான் ஏற்பதில்லை. ஈரக் கட்டத்தில் வெப்பநிலை வித்தியாசமே சுழி, அங்கே அது அடியோடு தோற்கும். மீவெப்பக் கட்டத்திலும் அறை வெப்பநிலைக்கான 1.87-ஐப் போட்டால் கிலோவுக்கு 292 கிலோஜூல்தான் வரும்; அட்டவணை சொல்வது 329. பதினோரு சதவீதம் குறைவு. இங்கே உண்மையான சராசரி 329 ÷ 156.39, ஏறத்தாழ 2.10. நல்லியல்பு வாயுச் சமன்பாடு பரவாயில்லை: 300 டிகிரியில் தன்பருமன் 0.661 என்று தரும், ஒரு சதவீதப் பிழை. தெவிட்டிய நிலையில் அதே சமன்பாடு நான்கு சதவீதம் தவறும். ஈர நீராவிக்கு அதைப் போடவே கூடாது.

வெப்பம் என்தால்பி மாற்றத்துக்குச் சமம் என்ற சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போடாதீர்கள். இரண்டு இடங்களில் அது சறுக்கும். சிலிண்டரில் தடுப்புக் கட்டை இருந்து பிஸ்டன் பாதியில் முட்டி நின்றால், அதற்குப் பிறகு பருமன் மாறாது, அழுத்தம் ஏறும், வேலை சுழி; அந்தக் கட்டத்துக்கு வெப்பம் உள்ளாற்றல் மாற்றத்துக்கு மட்டும் சமம். உள்ளேயே மின் ஹீட்டர் வைத்து, அதையும் எல்லைக்குள் எடுத்துக்கொண்டால், எல்லையைக் கடப்பது வெப்பம் அல்ல, மின்வேலை. நம் கணக்கில் 2 கிலோவாட் ஹீட்டர் வைத்து, சுவர்களை நன்றாகக் காப்பிட்டு, சுவரும் பிஸ்டனும் சூடாவதை விட்டுவிட்டால், 189 விநாடி ஓடினால் அதே 377.86 கிலோஜூல் உள்ளே போகும். நீராவியின் என்தால்பி மாற்றம் அதேதான், ஆனால் வெப்பம் என்ற கட்டத்தில் நீங்கள் எழுத வேண்டியது சுழி.

வீட்டில் செய்து பாருங்கள்: இதே சிலிண்டரை 300 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு ஆறவிடுகிறோம், அழுத்தம் 400-ஆகவே இருக்கிறது. 200 டிகிரிக்கான எண்கள் `v = 0.53434`, `u = 2647.2`, `h = 2860.9`. வெப்பம் −103.1, வேலை −24.11, உள்ளாற்றல் மாற்றம் −78.95 கிலோஜூல் என்று வர வேண்டும். மூன்றுக்கும் குறி எதிர்மறை ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, பிஸ்டன் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்பதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். எனக்கு 30.7 வந்தது.