மெனுவை இனி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

நம்ம மெஸ்ஸுக்கு வழக்கமாக வரும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் மெனு அட்டையைத் தொட்டே வருஷங்கள் ஆகியிருக்கும். உட்காரும்போதே "ரெண்டு கறி தோசை, ஒரு கலக்கி" என்று சொல்லிவிடுவீர்கள், சிலருக்கு அதையும் சொல்ல வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தே உள்ளே குரல் போய்விடும். அதனால்தான் இதை உங்களுக்கென்று தனியாக எழுதுகிறேன். இந்த மாதம் முதல் மேசையில் இருக்கும் அட்டை மாறியிருக்கிறது. ஒவ்வொரு பதார்த்தத்தின் கீழேயும், ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள் எது அதில் இருக்கிறது என்று சிறு கட்டத்துக்குள் எழுதியிருக்கிறோம். புதிதாக வருகிறவர் எப்படியும் அட்டையைப் படித்துவிடுவார். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதுதான் என் கவலை.

கோதுமை, பால், முட்டை, மீன், இறால்-நண்டு, வேர்க்கடலை, முந்திரி-பாதாம், சோயா, எள், கடுகு. இவைதான் நாங்கள் குறிக்கும் பொருட்கள். படம் போடலாம், எண் போடலாம் என்று அச்சகத்தில் யோசனை சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழாம் எண் என்றால் என்ன என்று அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பித் தேடுகிற அளவுக்கு மதியம் ஒன்றரை மணிக்கு யாருக்கும் பொறுமை இருக்காது. பால் இருந்தால் "பால்" என்றே எழுதியிருக்கும்.

கட்டம் இரண்டு விதம். உள்ளே கறுப்பு நிரப்பி வெள்ளை எழுத்தில் இருந்தால், அந்தப் பொருளை நாங்கள் கைப்பட அதில் சேர்க்கிறோம் என்று அர்த்தம். வெறும் கோடு மட்டும் போட்ட கட்டமாக இருந்தால், நாங்கள் சேர்க்கவில்லை, ஆனால் அதே கல்லிலோ அதே எண்ணெயிலோ அதே மிக்ஸி ஜாரிலோ பட்டு வர வாய்ப்பு இருக்கிறது. கொஞ்சம் பட்டால் பரவாயில்லை என்பவர்கள் கறுப்புக் கட்டத்தைப் பார்த்தால் போதும். ஒரு துளி பட்டாலும் தொண்டை வீங்குகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கொண்டுவந்த விதிகளில், மத்திய உரிமம் வாங்கியவர்களும் பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருப்பவர்களும் மெனுவில் இதைக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. நம்முடையது ஒரே கடை, அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பத்துக் கிளை இருக்கிற கடையில் வரும் ஆபத்துதான் ஒரு கிளை கடையிலும் வரும். அப்புறம், அந்த விதியில் உள்ள பட்டியலில் எள்ளும் கடுகும் கிடையாது. நம் சமையலில் தாளிப்பு இல்லாமல் என்ன இறங்குகிறது? இட்லிப் பொடி எள் இல்லாமல் உண்டா? அதனால் அந்த இரண்டையும் நாங்களாகச் சேர்த்திருக்கிறோம்.

இனி அட்டையைப் பார்த்ததும் "இதில் எப்படி?" என்று நீங்கள் கேட்கப்போகிற சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சாம்பார். சாம்பாரின் கீழே கறுப்புக் கட்டத்தில் கோதுமை என்று இருக்கும். ரசத்திலும் அப்படியே, மோரிலும் அப்படியே. காரணம் பெருங்காயம். கடையில் கிடைக்கும் தூள் பெருங்காயம் சுத்தப் பெருங்காயம் இல்லை, மாவும் கோந்தும் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள், பெரும்பாலும் அது கோதுமை மாவோ மைதாவோதான். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கோதுமை அறவே ஆகாத சீலியாக் நோய் உள்ளவர்கள் பரோட்டாவை விட்டுவிட்டு "நான் சோறு, சாம்பார் மட்டும்தான்" என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறார்களே, அவர்களுக்கு அந்தச் சிட்டிகையும் கணக்குதான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் இருக்கிறது, வாங்கிப் பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. தடையில்லாமல் கிடைக்கும் என்று உறுதியாகும் வரை குறியை எடுக்க மாட்டோம். இன்று ஒரு டப்பா, நாளை வேறு டப்பா என்று இருக்கும்போது அட்டையில் ஒன்றைச் சொல்லி அடுப்பில் வேறொன்றைப் போட முடியாது.

அடுத்தது எண்ணெய். குழம்பு, பொரியல் எல்லாமே செக்குக் கடலை எண்ணெயில்தான் என்பது உங்களுக்குத் தெரியும், அதற்காகவே வருகிறவர்களும் இருக்கிறீர்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயில் வேர்க்கடலையின் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாமைக்குக் காரணம் அந்தப் புரதம்தான். ஆகவே அயிரை மீன் குழம்பில் மீன், கடுகு மட்டுமல்ல, வேர்க்கடலையும் கறுப்புக் கட்டத்தில் இருக்கும். வெண்டைக்காய்ப் பொரியலிலும் இருக்கும். பொரிப்பதற்கு மட்டும் சூரியகாந்தி எண்ணெய். அங்கே வேறு பிரச்சினை: மதியத்துக்கு மேல் சிக்கன் 65, இறால், காலிஃபிளவர் எல்லாம் ஒரே சட்டியில்தான் இறங்குகின்றன. அதனால் காலிஃபிளவரின் கீழே கோடு போட்ட கட்டத்தில் இறால், முட்டை என்று இருக்கும். கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் பொசுங்கிப் போய்விடும் என்று நினைக்கிறோம், அப்படிப் போவதில்லை. காலை வடைச் சட்டி தனி, ஆனால் அதில் பூரியும் போடுவதால் உளுந்து வடைக்குக் கோதுமைக் கோடு உண்டு.

பரோட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கோதுமை, முட்டை, பால் மூன்றும் கறுப்பு. கொத்து பரோட்டா போடும் அதே கல், அதே தகரம்.

தோசைக்கல்தான் எங்களுக்குப் பெரிய வேலை வைத்தது. கறி தோசையும் முட்டை தோசையும் ஊற்றுகிற கல்லில்தான் சாதா தோசையும் வருகிறது. துணியால் துடைத்தால் முட்டை போகாது, கல் முழுக்கப் பரவத்தான் செய்யும். அதனால் எல்லாத் தோசைக்கும் முட்டைக் கோடு. முட்டை சுத்தமாகவே ஆகாது என்றால் சொல்லுங்கள், அதற்கென்று ஒரு சின்னக் கல்லும் திருப்பியும் தனியாக வைத்திருக்கிறோம், சோப்புப் போட்டுக் கழுவி, பக்கத்து அடுப்பில் ஊற்றித் தருவோம். கால் மணி நேரம் கூட ஆகும். கூட்ட நேரத்திலும் செய்வோம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சட்னி அரைக்க இப்போது இரண்டு ஜார். சிவப்பு மூடி வேர்க்கடலைச் சட்னிக்கு மட்டும். தேங்காய்ச் சட்னி அந்த ஜாரைத் தொடாது.

பால் விஷயத்தில் ஒன்று. "எனக்குப் பால் சேராது, ஆனால் தயிர் சாப்பிடுவேன்" என்று பலர் சொல்கிறீர்கள். பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, பாலின் புரதம் ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு. இரண்டாவது வகை என்றால் தயிரும் ஆகாது, நெய்யும் பயம்தான், ஏனென்றால் எவ்வளவு நன்றாக உருக்கினாலும் நெய்யில் கொஞ்சம் புரதம் மிஞ்சும். அதனால் பொங்கல், நெய் ரோஸ்ட், தயிர் சேர்க்கும் பிரியாணி, ஜிகர்தண்டா எல்லாவற்றிலும் ஒரே குறிதான் போட்டிருக்கிறோம், பால்.

கடலை மாவு, பொட்டுக்கடலை, வெந்தயம், தேங்காய் இவற்றுக்குக் குறி போடவில்லை. அட்டையில் இடம் போதாது, எல்லாப் பதார்த்தத்திலும் கட்டமாக நிறைந்துவிட்டால் யாருமே படிக்க மாட்டார்கள். ஆனால் இவையும் சிலருக்கு ஆகாது, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வெந்தயமும் சேராது, நம் தோசை மாவில் வெந்தயம் உண்டு. இப்படி எது இருந்தாலும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கட்டம் இல்லை என்பதற்காக எல்லோருக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொல்வதை எங்கே சொல்வது? இலை போட்ட பிறகு பரிமாறுகிற தம்பியிடம் சொன்னால் அவர் கையில் நாலு வாளி இருக்கும். உள்ளே வந்ததும் கல்லாவில் என்னிடமோ என் தங்கையிடமோ சொல்லுங்கள். ஆர்டர் சீட்டில் சிவப்பு மையில் எழுதுவோம், அந்தச் சீட்டை மாஸ்டர் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கை வைப்பார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க" என்று நம் ஆட்கள் யாரும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். யாராவது சொன்னால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். சில சமயம் "இன்றைக்கு உங்களுக்கு இங்கே எதுவும் வேண்டாம்" என்று நாங்களே சொல்ல நேரிடும், உதாரணமாக இறால் வாடையே ஆகாதவருக்கு ஞாயிறு மதியம் நம்ம கடை சரிப்படாது. தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பார்சலிலும் டப்பா மேல் மார்க்கரால் இதே வார்த்தைகளை எழுதித் தருகிறோம், வேர்க்கடலைச் சட்னி தனிப் பையில் வரும். ஆனால் டெலிவரி செயலியில் இந்தக் குறிகள் முழுசாக வரவில்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் செயலியில் போடாமல் கடைக்குப் போன் செய்யுங்கள்.

அட்டையின் மேல் மூலையில் ஒரு தேதி இருக்கும். மசாலா, சாஸ், மாவு எதில் பிராண்டு மாறினாலும் பாக்கெட்டின் பின்னால் படித்துப் பார்த்துவிட்டு அட்டையை மாற்றுவோம், தேதியும் மாறும். போன வாரம் சாப்பிட்டதுதானே என்று நினைக்காமல் தேதியைப் பாருங்கள். கரும்பலகையில் எழுதும் அன்றைய ஸ்பெஷலுக்கும் இதே குறிகள் சாக்பீஸில் இருக்கும்.

பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. உடம்பில் தடிப்பு வந்தால் சூடு என்று சொல்லி விட்டுவிடுவது நம் வழக்கம். சாப்பிட்ட பிறகு உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, குரல் அடைத்தாலோ, அடுத்தடுத்து வாந்தி வந்தாலோ அது சூடு இல்லை, உடனே எங்களைக் கூப்பிடுங்கள். டாக்டர் கொடுத்த அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் முதலில் அதைப் போட்டுவிட வேண்டும், அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஆட்டோ வரை நடக்க வைக்க வேண்டாம், படுக்க வைக்கலாம், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம். 108-ஐ நாங்கள் அழைக்கிறோம், கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அட்டையில் ஏதாவது புரியவில்லை, எழுத்து சிறியதாக இருக்கிறது, ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றினால் கல்லாவில் சொல்லுங்கள். அடுத்த அச்சு மாதக் கடைசியில் போகிறது, அதில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
செல்வி
மெஸ் கல்லாவிலிருந்து, மதுரை